முடிவுக்கோட்டுக்குப் பிந்தைய பத்து நிமிடங்கள்

பள்ளித் தடகளப் போட்டிகளில் 800 மீட்டர், 1500 மீட்டர் ஓட்டங்கள் முடியும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். கடைசி நூறு மீட்டரை முழு வேகத்தில் ஓடிவந்த பிள்ளைகளை, யார் முதல், யார் இரண்டாவது என்று குறித்துக்கொள்வதற்காக, நடுவர்கள் வந்த வரிசையிலேயே அசையாமல் நிற்க வைப்பார்கள். மூச்சு வாங்க, கைகளை முழங்கால்களில் ஊன்றியபடி அவர்கள் நிற்பார்கள். ஒரு நிமிடம் கழிந்ததும் யாராவது ஒருவரின் உதடு வெளிறும். கண் ஒரே இடத்தில் நிலைக்கும். பிறகு கால் மடங்கி உட்கார்ந்துவிடுவார், அல்லது விழுவார். ஓட்டம் அளவுக்கு மீறிப்போய்விட்டது என்றே பார்ப்பவர்கள் பெரும்பாலும் நினைப்பார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருந்தவரை அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகவில்லை. நின்ற பிறகுதான் ஆனது.

டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் நடுத்தர தூர ஓட்டக்காரர்களுக்கு நான் பயிற்சி கொடுத்து வருகிறேன். பெரும்பாலானோர் 13 முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். எங்கள் தடகளப் பருவம் கல்வியாண்டின் முதல் பருவத்தில், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. டர்பனில் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து ஆளை அழுத்தும் மாதங்கள் அவை. பயிற்சி முடிந்த பிறகு செய்யும் கூல்-டவுனை எப்படி அமைத்தோம், அதன் நோக்கத்தை அணிப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்கினோம் என்பதை, இதே வேலையைச் செய்யும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எதற்காகச் செய்கிறோம் என்பது தெளிவானால்தான் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியும் என்பதால், காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. கடுமையாக ஓடும்போது அது ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டிவிடுகிறது. அதற்கு ஏற்றபடி கால் தசைகளின் இரத்தக் குழாய்கள் அகலமாக விரிந்திருக்கும். கீழே இறங்கிய அவ்வளவு இரத்தமும் மறுபடி இதயத்துக்கு மேலேற வேண்டும். சிரைகளில் இரத்தம் மேல்நோக்கி மட்டுமே போகும்படி சிறு சிறு வால்வுகள் உள்ளன. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிரை அழுத்தப்பட்டு, உள்ளே இருக்கும் இரத்தம் அடுத்த வால்வைத் தாண்டி மேலே தள்ளப்படுகிறது. ஓடுபவர் திடீரென்று நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோகிறது, விரிந்த குழாய்களோ உடனே சுருங்குவதில்லை. இரத்தம் காலிலேயே தேங்க, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல் கிறுகிறுப்பு வருகிறது. வெயில் காலத்தில், உடலைக் குளிர்விப்பதற்காகத் தோலின் இரத்தக் குழாய்களும் விரிந்திருப்பதால், இது இன்னும் எளிதாக நடக்கும்.

இந்த விஷயத்தில் தென்னாப்பிரிக்காவுக்கே ஒரு பங்கு உண்டு. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் ஓட்டத்தின் தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இத்தகைய நெடுந்தூர ஓட்டங்களில் மயங்கி விழுபவர்களை, கேப் டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் நோக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். விழுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் முடிவுக்கோட்டைக் கடந்த பிறகே விழுகிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றுள் முக்கியமானது. நீரிழப்பும் உடல் சூடும்தான் காரணம் என்றால் பாதி வழியிலேயே விழுந்திருக்க வேண்டும். நின்றபின் விழுகிறார்கள் என்பதால், நிற்பதையே காரணமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு செய்தி என் பிள்ளைகளுக்கு எந்த உடலியல் பாடத்தையும் விட விரைவாகப் புரிந்தது. அவர்களில் பலருடைய வீடுகளில் காம்ரேட்ஸ் ஓடிய மாமாவோ பெரியப்பாவோ இருக்கிறார்.

ஆனால் அணியில் இருந்தவர்களிடம் கூல்-டவுன் எதற்கு என்று நான் கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் சொன்ன விடை வேறு. "லாக்டிக் அமிலத்தை வெளியேற்ற, சார். இல்லாவிட்டால் நாளைக்குக் கால் வலிக்கும்" என்றார்கள். பெற்றோர்களும் இதையே சொல்கிறார்கள். பயிற்சியாளர்களில் பலரும் இன்னும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது சரியல்ல. வேகமாக ஓடும்போது தசையில் லாக்டேட் சேர்வது உண்மை. ஆனால் உடல் அதைக் கழிவாக நடத்துவதில்லை. இதயமும் கல்லீரலும் மற்றத் தசைகளும் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. மெதுவாக ஓடினால் அது இன்னும் சற்று விரைவாகக் குறையும், ஆயினும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் தொடங்கி அதற்கடுத்த நாள் உச்சத்துக்குப் போகும் தசைவலிக்கு, முந்தின மாலையே காணாமற்போன ஒன்று காரணமாக இருக்க முடியாது.

அந்த வலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாக விளக்கியவர், அணியில் ஓடும் ஒரு மாணவனின் தாத்தா. அவர் 1980-களில் காம்ரேட்ஸ் ஓடியவர். அந்தத் தலைமுறையினர் சிலரிடம் வீட்டுத் தமிழ் இன்னும் உயிரோடு இருப்பதால், பேரனை அழைத்துப்போக வரும்போதெல்லாம் என்னிடம் தமிழிலேயே பேசுவார். காம்ரேட்ஸ் ஓர் ஆண்டு டர்பனிலிருந்து மேலேறியும், அடுத்த ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கீழிறங்கியும் பெரும்பாலும் மாறி மாறி நடப்பது. "ஏத்தம் ஓடுன வருசம் நெஞ்சுதான் சார் எரியும். எறக்கம் ஓடுன வருசம் மூணு நாளைக்குப் படி எறங்க முடியாது, பின்பக்கமாத்தான் எறங்கணும்" என்றார். நான் அதைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். ஏறும்போது மூச்சு அதிகம் வாங்குகிறது, இறங்கும்போது வலி அதிகம் சேர்கிறது என்றால், வலிக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று அவர்களே பிடித்துக்கொண்டார்கள். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத அளவில் அப்படிச் செய்தால் தசை இழைகளில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, அது ஆறும் நாட்களில் வலிக்கிறது. ஓட்டம் முடிந்த பிறகு செய்யும் எதுவும் ஏற்கெனவே நடந்துவிட்ட அந்தச் சேதத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் கூட்டுவதுதான் அதற்கு வழி. சாட்ஸ்வொர்த்தின் மேடுகளில் வாழ்கிற பிள்ளைகளுக்கு இறக்கத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தசை நீட்டும் பயிற்சியின் நிலையும் இதுவே. ஓட்டத்துக்குப் பிறகு தசைகளை நீட்டுவது மறுநாள் வலியைக் குறைக்கும் அளவு, ஒருவர் உணரவே முடியாத அளவுக்குச் சிறியது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கூல்-டவுன் காயங்களைத் தடுக்கிறது என்பதற்கும் நல்ல சான்று இல்லை. பிள்ளைகளிடம் இதை மறைத்து, "செய்யாவிட்டால் காயம்படும்" என்று பயமுறுத்தினால் சில வாரங்களுக்குப் பலன் இருக்கும். பிறகு ஒருநாள் கூல்-டவுன் செய்யாமல் போன ஒருவனுக்கு மறுநாள் எதுவும் வலிக்காது. அன்றோடு ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். உண்மையான காரணத்தைச் சொன்னால் அந்தச் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் அதை அவர்கள் தங்கள் உடலிலேயே அதே நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

இனி, எங்கள் வரிசையை அமைத்த விதம். பயிற்சி பிற்பகல் 3.45-க்கு முடியும், 4 மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்கள் புறப்பட்டுவிடும். பை எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போகும் நேரத்தைக் கழித்தால் பத்து நிமிடம்தான் மிஞ்சும். ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம்: ஐந்து முறை 300 மீட்டர், இடையிடையே நடந்து ஓய்வு. கடைசி 300 முடிந்ததும் யாரும் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, படுக்கவும் கூடாது. முடிவுக்கோட்டைத் தாண்டி அப்படியே வேகத்தைத் தளர்த்தி, ஒன்று அல்லது இரண்டு நிமிடம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெது ஓட்டம். பிறகு மூன்று நிமிடம் நடை. ஆரம்பத்தில் பையன்கள் அந்த மெது ஓட்டத்தையும் போட்டியாக்கினார்கள். முன்னால் யாராவது போனால் பின்னால் வருபவருக்குப் பொறுக்காது. வாய்மொழியாகச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், பயிற்சிக்குப் பயன்படுத்திய கோன்களையும் ரிலே பேட்டன்களையும் பொறுக்கிச் சேர்க்கும் வேலையை அந்த நிமிடங்களுக்குள் கொண்டுவந்தேன். குனிந்து எழும் வேலை என்பதால், மெது ஓட்டம் முடிந்து நடைக்கு வந்த பிறகே அதைத் தொடங்குவோம். போட்டி நின்றது, எனக்கும் நேரம் மிஞ்சியது.

நடை போதுமா என்பதற்கு இரண்டு அடையாளங்கள் வைத்திருக்கிறோம். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சுக்கு நிறுத்தாமல் சொல்ல முடிய வேண்டும். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரலை மெதுவாக வைத்து 15 விநாடி எண்ணினால், நாடித்துடிப்பு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 120-க்குக் கீழே. இந்த 120 என்பது நான் வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லைதான். வெப்பம் கூடிய நாளில் இறங்குவதற்கு அதிக நேரம் எடுக்கும். அப்படி எடுத்தால் நடையை நீட்டி, பின்னால் வரும் தசை நீட்டலைக் குறைத்துவிடுவோம். நாடியை நடந்துகொண்டே எண்ணுவது சிரமம் என்பதால், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கியபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

நடையின் இறுதியில் தண்ணீர், நிழல். அதன் பிறகு புல்தரையில் நான்கு நிமிடம்: கெண்டைக்கால், முன்தொடை, பின்தொடை, இடுப்பின் முன்புறத் தசை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 25 விநாடி நீட்டுவோம். இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. குதித்துக் குதித்து நீட்டக் கூடாது. வலியையும் காயத்தையும் தடுக்காது என்றால் இது ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அது. வளரும் வயதில் எலும்பின் நீளத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இறுகும் காலங்கள் உண்டு என்பதால், மூட்டுகள் முழுமையாக அசையும் வீச்சைக் காப்பதற்கு வாரத்தில் சில நாட்கள் நீட்டுவது பயன் தரும், உடல் சூடாக இருக்கும் நேரம் அதற்கு வசதியானது என்று சொன்னேன். கூடவே, அந்த நான்கு நிமிடம்தான் நான் ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் என்பதையும் சொன்னேன்.

தரையிலிருந்து எழுவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். மல்லாந்து படுத்துப் பின்தொடையை நீட்டிய பிள்ளை சட்டென்று எழுந்து நின்றால், முன்பு நடையால் தவிர்த்த அதே கிறுகிறுப்பு வந்துவிடும். எனவே பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, ஒரு முழங்காலில் நின்று, பிறகு எழ வேண்டும். இதைப் பெரும்பாலான பள்ளிகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் வெயில் நாட்களில் இது கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. பயிற்சி முடிவில் பேச வேண்டியதையும் ஆசிரியர்கள் இந்த நேரத்தில், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே பேசிவிடலாம். ஓட்டம் முடிந்த கையோடு எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்து அறிவுரை சொல்வது, நாம் தவிர்க்க முயலும் நிலையை நாமே உண்டாக்குவதாகும்.

வேன் முன்னதாக வந்துவிட்டது, மழை பிடித்துக்கொண்டது என்று நான்கு நிமிடம்தான் கிடைத்தால் எதை விடுவது? நடையை விடக் கூடாது. தசை நீட்டலை முழுவதும் விட்டுவிடலாம், அதை வீட்டில் குளித்த பிறகும் செய்யலாம். காரணம் தெரிந்த அணிக்கு இந்த முடிவைத் தானே எடுக்கத் தெரியும். ஒருநாள் நான் பக்கத்து மைதானத்தில் இருந்தபோது தலைவி நேரம் போதாததைப் பார்த்து, நீட்டலை நிறுத்தி நடையை மட்டும் முடித்து எல்லோரையும் அனுப்பிவைத்தாள். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால், எளிதாக இருக்கும் நீட்டலைச் செய்துவிட்டு நடையை விட்டிருப்பார்கள்.

நோக்கத்தை விளக்கியது ஒரே அமர்வில்தான், அதுவும் சிறிய அமர்வு. ஓடாத ஒரு நாளில் அவர்களை நிழலில் உட்கார வைத்து, ஒரு கையைத் தொங்கவிடச் சொன்னேன். அரை நிமிடத்தில் புறங்கையின் சிரைகள் புடைத்துத் தெரிந்தன. பிறகு அதே கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். சில விநாடிகளில் சிரைகள் தட்டையாகிவிட்டன. "கையைத் தூக்கினால் இரத்தம் தானே இறங்கிவிடுகிறது. காலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, அப்படியானால் காலில் உள்ள இரத்தத்தை மேலேற்றுவது எது?" என்று கேட்டேன். சிறிது யோசித்தபின் ஒருவன் தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினான். குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்லி, அந்தத் தசை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்க்கச் செய்தேன். கிணற்றுப் பம்பை அடிப்பவர் கையை எடுத்துவிட்டால் தண்ணீர் வருவது நிற்பதைப்போலத்தான் இது என்று ஒரு வாக்கியம் சொன்னதோடு விளக்கம் முடிந்தது. படமும் பலகையும் தேவைப்படவில்லை.

நின்றால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக, முழு வேகத்தில் ஓடிவந்த பிள்ளைகளை வேண்டுமென்றே அசையாமல் நிற்க வைக்கும் சோதனையை யாரும் செய்ய வேண்டாம். கையைத் தொங்கவிடும் செய்கையே போதும்.

புரிந்ததா என்று அறிவதற்கு, புதிதாகச் சேரும் மாணவருக்குப் பழைய மாணவர் ஒருவரை விளக்கச் சொல்வேன். நான் தள்ளி நின்று கேட்பேன். "சார் சொன்னார், அதனால் நடக்கணும்" என்று வந்தால் புரியவில்லை என்று பொருள். லாக்டிக் அமிலம் பலமுறை திரும்ப வந்தது. பழைய விளக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. வீட்டிலும் தொலைக்காட்சியிலும் அதையே கேட்கிறார்கள். அப்போதெல்லாம் திருத்தி உரை நிகழ்த்தாமல், "தாத்தா இறக்கத்தைப் பற்றி என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்பேன். மீதியை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

கடைசி ஒரு நிமிடம் விசாரிப்புக்கு. ஒவ்வொருவரும் இன்றைய பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்வார்கள். எங்காவது வலித்தால் விரலால் காட்டுவார்கள். காட்டும் விதத்திலேயே பாதிச் செய்தி இருக்கிறது. உள்ளங்கையை முழுவதுமாகத் தொடையில் தேய்த்து, இரண்டு காலிலும் என்றால், அது பெரும்பாலும் சில நாளில் ஆறும் தசைவலி. ஒரே விரலை ஒரே புள்ளியில், ஒரு காலில் மட்டும், எலும்பின் மேல் வைத்தால் கவனிக்க வேண்டும். 13 வயது மாணவி ஒருத்தி, முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேடாக இருக்கும் இடத்தில் விரல் வைத்தாள். முன்தொடையை நீட்டும்போது மற்றவர்களைவிட முன்னதாகவே அவள் காலை விட்டுவிடுவதை அதற்கு முந்தைய வாரமே கவனித்திருந்தேன். முன்தொடைத் தசையின் நாண் எலும்பில் சேரும் வளரிடம் அது. வளரும் வயதில் ஓடுபவர்களுக்கும் குதிப்பவர்களுக்கும் அங்கே இழுவையால் வலி வருவது அடிக்கடி நடப்பது, ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் அழைப்பார்கள். குதிகாலின் பின்புறத்திலும் இதைப்போன்ற ஒன்று வரும். அவளுக்கு முன்தொடை நீட்டலை உடனே நிறுத்தினேன், ஏனெனில் வலிக்கும் நாணை மேலும் இழுப்பது அந்த இடத்தை எரிச்சலூட்டும். தாயாரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டச் செய்தோம். குதிக்கும் பயிற்சிகளையும் ஓட்டத்தின் அளவையும் குறைத்தோம். அந்தப் பருவத்தில் 1500 மீட்டரை விட்டு 800 மட்டும் ஓடினாள். எல்லோரும் ஒன்றுபோல் ஒரே நீட்டலைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தும் அணியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்திருப்பாள்.

விசாரிப்பில் விரதத்தையும் கேட்டுக்கொள்கிறேன். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பிள்ளைகள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அது தடகளப் பருவத்தின் நடுவிலேயே வருகிறது. அந்த நாட்களில் சிலர் ஒருவேளைதான் சாப்பிடுகிறார்கள். ரமலான் நோன்பு இருக்கும் மாணவர்கள் பயிற்சிக்குப் பின் தண்ணீரும் குடிக்க முடியாது. உடலில் நீர் குறைவாக இருக்கும்போது இரத்தத்தின் அளவும் குறைவதால், நின்றவுடன் அழுத்தம் சரிவது இன்னும் விரைவாக நடக்கும். அவர்களுக்குக் கடைசி இரண்டு வேக ஓட்டங்களை எடுத்துவிட்டு, நடையை ஏழெட்டு நிமிடமாக நீட்டி, நிழலிலேயே நடக்கச் சொல்கிறேன். தலையிலும் கழுத்திலும் ஈரத் துண்டு போட்டுக்கொள்ளலாம். விரதத்தைக் கைவிடச் சொல்வது என் வேலையல்ல. எந்தப் பயிற்சியைத் தள்ளிவைப்பது என்று தீர்மானிப்பதுதான் என் வேலை.

இவ்வளவும் செய்து ஒருவர் மயங்கினால் என்ன செய்வது என்பதை, கூல்-டவுனின் பகுதியாகவே அணிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஓட்டம் முடிந்து நின்ற பிறகு வெளிறி விழுந்தவரைத் தூக்கி நிறுத்தக் கூடாது, நாற்காலியில் உட்கார வைக்கவும் கூடாது. படுக்க வைத்து இரண்டு கால்களையும் பை ஒன்றின்மேல் உயர்த்தி வைத்தால், ஒரு சில நிமிடத்தில் நிறமும் பேச்சும் தெளிவாகத் திரும்பும். திரும்பாவிட்டாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பெயரையும் இடத்தையும் குழப்பிப் பேசினாலோ அது வேறு விஷயம். உடல் கொதித்து, பேச்சும் குழம்பியிருந்தால் வெப்பத் தாக்கு என்று கொண்டு, காத்திராமல் தண்ணீரையும் பனிக்கட்டியையும் கொண்டு உடல் முழுவதையும் குளிர்விக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழைக்க வேண்டும். கைப்பேசியிலிருந்து 112-ஐயும் அழைக்கலாம். கூப்பிட்டும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஓடும்போதே மயங்கியவர், பிறகு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை ஓடக் கூடாது.

பயிற்சி நாட்களில் இவையெல்லாம் நம் கையில் இருக்கின்றன. போட்டி நாளில் முடிவுக்கோடு நடுவர்களின் கையில் இருக்கிறது. வட்டாரப் போட்டி ஒன்றுக்கு முன்பு நடந்த பயிற்சியாளர் கூட்டத்தில், வந்த வரிசைப்படி நிற்க வைப்பதற்குப் பதிலாக, கோட்டைத் தாண்டியவுடன் இட எண் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து, நடந்துகொண்டே போகச் சொல்லலாமே என்று கேட்டேன். அட்டையோடு 50 மீட்டர் தள்ளி நிழலில் இருக்கும் மேசைவரை நடந்து, அங்கே பெயரைப் பதியலாம் என்பது என் யோசனை. அட்டைகளைப் பிள்ளைகள் மாற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு நடுவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அட்டையைக் கொடுக்கும்போதே இன்னொருவர் மார்பு எண்ணை வரிசையாக எழுதிக்கொண்டால் மேசையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. அன்று 800, 1500 இரண்டுக்கும் அப்படியே நடந்தது. எழுதுவதற்குக் கூடுதலாக ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு இப்போது, அன்றைக்கு ஓட்டம் இல்லாத எங்கள் மாணவர் ஒருவரை அனுப்புகிறோம்.